தன்மதிப்பீட்டு அறிக்கை: ஒரு பத்தியைச் சான்றோடு திருத்தி எழுதுவது எப்படி?

உங்கள் கல்லூரித் துறையின் அங்கீகாரத்துக்கான தன்மதிப்பீட்டு அறிக்கையில் ஓர் அத்தியாயம் உங்கள் பொறுப்பில் வந்திருக்கிறது. முன்பு யாரோ எழுதிய வரைவைக் கையில் கொடுத்து, “கொஞ்சம் மெருகேற்றிக் கொடுங்கள், போதும்” என்று சொல்லியிருப்பார்கள். அந்த வரைவுக்குப் பெரும்பாலும் மெருகு குறைவாக இருக்காது. அளவுக்கு மீறித்தான் இருக்கும். அதில் சொல்லப்பட்டவற்றில் எவை உண்மை, எவை பாதி உண்மை, எவை ஆசை என்று பிரித்தெடுப்பதுதான் உங்கள் வேலை. எழுத்து நடை அதற்கு அப்புறம்.

முழு அறிக்கையையும் ஒரேயடியாகத் திருத்த உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. அதனால் ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை திருத்திப் பார்ப்போம். அறிக்கையில் தற்பெருமை அதிகம் சேருகிற இடம் “மாணவர் கற்றலை எப்படி அளக்கிறீர்கள், அதைக் கொண்டு என்ன மாற்றினீர்கள்” என்ற பகுதிதான். உதாரணத்தையும் அங்கிருந்தே எடுக்கிறேன். துறையும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

பழைய வரைவு இப்படி இருக்கிறது:

> எங்கள் துறை மாணவர் கற்றலை மேம்படுத்துவதில் என்றும் முன்னணியில் திகழ்கிறது. அனைத்துப் பாடங்களிலும் கற்றல் விளைவுகள் முறையாக மதிப்பிடப்படுகின்றன. மாணவர் கருத்துகள் தொடர்ந்து பெறப்பட்டு, உடனுக்குடன் நடவடிக்கை எடுக்கப்படுகிறது. துறை மேற்கொண்ட முன்னோடி முயற்சிகளின் பயனாக மாணவர்களின் அறிக்கை எழுதும் திறன் கணிசமாக உயர்ந்துள்ளது.

முதலில் அளவுகோலைப் படியுங்கள்

பத்தியைத் தொடுவதற்கு முன், அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள். அங்கீகார அமைப்பின் கையேட்டில் உள்ள அளவுகோலை அப்படியே நகலெடுத்துப் பத்திக்கு மேலே ஒட்டுங்கள். அதிலுள்ள வினைச்சொற்களை ஒவ்வொன்றாகக் கோடிடுங்கள்.

பொறியியல் படிப்புகளுக்குப் பல நாடுகளில் அங்கீகாரம் வழங்கும் ஏபெட் அமைப்பின் 4-ஆவது அளவுகோலை எடுத்துக்கொள்வோம். தொடர் மேம்பாடு பற்றியது அது. சுருக்கமாகப் பார்த்தால் அதில் மூன்று எதிர்பார்ப்புகள் இருக்கின்றன: மாணவர் கற்றல் விளைவுகளை அளக்க, ஆவணமாக எழுதி வைத்த பொருத்தமான முறை ஒன்றைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும், விளைவுகள் எந்த அளவுக்கு எட்டப்பட்டன என்று மதிப்பிட வேண்டும், அந்த முடிவுகளைப் படிப்பை மேம்படுத்தும் நடவடிக்கைகளுக்கு முறையாகப் பயன்படுத்த வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மதிப்பெண் உயர்ந்திருக்க வேண்டும் என்று இந்த அளவுகோல் கேட்கவில்லை. அளந்தீர்களா, பார்த்ததை வைத்து ஏதாவது செய்தீர்களா என்றுதான் கேட்கிறது. “கணிசமாக உயர்ந்துள்ளது” என்ற வரியை எழுதியவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். கேட்ட மூன்றில் முதலாவதான எழுதி வைத்த முறையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அளவுகோலை ஒட்டி வைத்துப் படித்தாலே இப்படிப்பட்ட ஓட்டைகள் தெரிந்துவிடும்.

பத்தியைக் கூற்றுகளாக உடையுங்கள்

அடுத்து, ஒரு விரிதாளைத் திறந்து ஒவ்வொரு கூற்றையும் தனி வரிசையில் போடுங்கள். வாக்கியக் கணக்கில் உடைக்காதீர்கள், கூற்றுக் கணக்கில் உடையுங்கள். “தொடர்ந்து பெறப்பட்டு, உடனுக்குடன் நடவடிக்கை எடுக்கப்படுகிறது” என்பது ஒரே வாக்கியம்தான், ஆனால் உள்ளே இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. கருத்து பெறுவது ஒன்று, நடவடிக்கை எடுப்பது இன்னொன்று. ஒன்றுக்குச் சான்று இருந்து மற்றதற்கு இல்லாமல் போவது மிகவும் சகஜம்.

ஒவ்வொரு வரிசைக்கும் நான்கு கட்டங்கள் போதும்: கூற்று, எந்த ஆவணம், அதில் எந்தப் பக்கம் அல்லது எந்தத் தீர்மானம், அந்த ஆவணம் இப்போது யாரிடம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். “அது அலுவலகத்தில் இருக்கும்” என்ற பதிலோடு நின்றுபோன வரிசைகள்தான் கடைசி வாரத்தில் கழுத்தைப் பிடிக்கும். ஆவணத்தைக் கண்ணால் பார்க்காமல் கட்டத்தை நிரப்பாதீர்கள்.

இப்படி உடைக்கும்போது சில சொற்கள் சிக்கும். “முன்னணி”, “முன்னோடி”, “சிறந்த”, “திகழ்கிறது” போன்றவற்றுக்குச் சான்றே தேட முடியாது, ஏனென்றால் அவை எதையும் சொல்லவில்லை. அவற்றை அடித்துவிட்டால் போதும், பொருள் கெடாது. உண்மையான ஆபத்து வேறு சொற்களில் இருக்கிறது. “அனைத்து”, “தொடர்ந்து”, “உடனுக்குடன்”, “முறையாக” ஆகியவை பார்ப்பதற்கு அலங்காரம் போலத் தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் ஓர் அளவைச் சொல்கிறது. “அனைத்து” என்றால் நூற்றுக்கு நூறு. “தொடர்ந்து” என்றால் இடைவெளி இல்லாமல். அங்கீகார அமைப்பிலிருந்து பார்வையிட வரும் குழுவில் ஒருவர் ஏதோ ஒரு பாடத்தைச் சுட்டி, “இதற்கு அறிக்கை எங்கே?” என்று கேட்டால் முடிந்தது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் போனால் மீதமுள்ள பக்கங்களையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

சான்றைத் தேடுங்கள், அது எதை நிரூபிக்கிறது என்றும் பாருங்கள்

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஆவணம் கிடைத்துவிட்டது என்றால் கூற்று நிரூபணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். கொள்கை ஆவணம் ஒன்று இருக்கிறது என்றால், கொள்கை இருக்கிறது என்பது மட்டும்தான் நிரூபணம். அது நடைமுறையில் இருக்கிறதா என்பதற்கு வேறு ஆவணம் வேண்டும். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல், ஒரு விஷயம் பேசத் திட்டமிடப்பட்டது என்பதைக் காட்டும். பேசி என்ன முடிவு எடுத்தார்கள் என்பதைக் கூட்டக் குறிப்புதான் காட்டும். அந்த முடிவு நிறைவேறியதா என்பதற்கு அடுத்த பருவத்தின் பாடத்திட்டத் தாளையோ, ஒப்படைப்பின் கேள்வித்தாளையோ காட்ட வேண்டும். பயிற்சிப் பட்டறையின் புகைப்படம் ஆட்கள் அந்த அறையில் இருந்தார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாது.

சரி, நம் பத்திக்கு வருவோம். தேடியதில் கிடைத்தவை இவை என்று வைத்துக்கொள்வோம்.

துறையில் 24 பாடங்கள். 2022–23 ஆண்டுக்கான கற்றல் விளைவு அறிக்கை 17 பாடங்களுக்குத்தான் கோப்பில் இருக்கிறது. “அனைத்து” அங்கேயே விழுந்துவிட்டது. மாணவர் கருத்துக் கணிப்பு 2022 மார்ச்சிலும் 2024 மார்ச்சிலும் நடந்திருக்கிறது, 2023-இல் இல்லை. “தொடர்ந்து” என்பதும் போயிற்று. 2022 கணிப்பில் ஆய்வகம் திறந்திருக்கும் நேரம் போதவில்லை என்று மாணவர்கள் சொன்னார்கள், நேரத்தை நீட்டிக்கும் தீர்மானம் ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் வந்தது. ஐந்து மாதம் கழித்து வந்த முடிவை “உடனுக்குடன்” என்று எழுத முடியாது.

கடைசிக் கூற்று கொஞ்சம் பொறுமை கேட்கிறது. மாணவர்களின் அறிக்கை எழுதும் திறன் உயர்ந்ததாம், அதுவும் துறையின் முயற்சியால். கோப்பில் இருப்பது என்ன? இறுதியாண்டுத் திட்ட அறிக்கைகளை ஒவ்வொரு திறனுக்கும் நான்கு நிலைகளை விவரிக்கும் மதிப்பீட்டு அட்டவணையான ஒரு ரூப்ரிக்கை வைத்து ஆண்டுதோறும் மே மாதம் மதிப்பிட்டிருக்கிறார்கள். “பகுப்பாய்வு” என்ற வரிசையில் 3 அல்லது 4 பெற்றவர்கள் 2022-இல் 40 பேரில் 21 பேர், 2023-இல் 39 பேரில் 25 பேர், 2024-இல் 42 பேரில் 29 பேர். விழுக்காட்டில் 53, 64, 69. ஏறுமுகம்தான். 2022 செப்டம்பர் 14 கூட்டக் குறிப்பின் 4-ஆவது தீர்மானம், குறைந்த மதிப்பெண்ணைச் சுட்டிக்காட்டி, மூன்றாமாண்டு ஆய்வகப் பாடத்தில் முதல் வரைவைத் திருத்தித் தரும் கட்டம் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறது. 2023 ஜனவரிப் பருவத்தின் பாடத்திட்டத் தாளில் அந்தக் கட்டம் இருக்கிறது.

கண்டுபிடித்தோம், மாற்றினோம், உயர்ந்தது என்று அழகாகக் கதை கூடி வருகிறது. இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மாற்றத்தை யார் அனுபவித்தார்கள்? 2023 ஜனவரியில் மூன்றாமாண்டில் இருந்தவர்கள் இறுதியாண்டு அறிக்கையை எழுதியது 2024 மே மாதத்தில்தான். 2023 மே மாத அறிக்கைகளை எழுதியவர்கள் அந்தப் பாடத்தை பழைய முறையில் ஏற்கெனவே முடித்துவிட்டார்கள். அப்படியென்றால் 53-இலிருந்து 64-க்கு வந்த பெரிய ஏற்றத்துக்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு கிடையாது. மாற்றத்துக்குப் பின் வந்தது 64-இலிருந்து 69 மட்டும். 42 பேர் கொண்ட வகுப்பில் அது ஏறத்தாழ இரண்டு மாணவர்கள். இரண்டு பேர் ஓர் ஆண்டு கூடுவதும் இன்னோர் ஆண்டு குறைவதும் எந்த வகுப்பிலும் நடக்கும். “முயற்சிகளின் பயனாக”, “கணிசமாக” இரண்டுமே நிற்காது.

இதை நீங்கள் பார்க்காமல் விட்டாலும் குழுவில் ஒருவர் பார்ப்பார். அவர்களும் தங்கள் துறையில் இதே அட்டவணைகளோடு மல்லாடியவர்கள்தான். எண்களை விட ஆண்டுகளைத்தான் முதலில் ஒத்துப் பார்ப்பார்கள்.

எண்களைப் பற்றி இன்னும் ஒன்று. மூன்று ஆண்டுகளிலும் அதே ரூப்ரிக்தானா, மதிப்பிட்டவர்கள் அதே ஆட்களா என்று கேட்டு எழுதி வையுங்கள். ரூப்ரிக்கின் சொற்கள் இடையில் மாறியிருந்தால் மூன்று எண்களையும் ஒரே கோட்டில் வைத்து ஒப்பிட முடியாது. விழுக்காட்டை மட்டும் எழுதாதீர்கள், எத்தனை பேரில் எத்தனை பேர் என்றும் எழுதுங்கள். சிறிய வகுப்பில் விழுக்காடு எப்போதும் பெரிதாகத் தெரியும்.

சான்று இல்லாத இடத்தில் என்ன செய்வது

மூன்றே வழிகள். கூற்றைச் சான்று உள்ள அளவுக்குச் சுருக்கலாம். முற்றிலும் நீக்கலாம். அல்லது இடைவெளியை வெளிப்படையாகச் சொல்லி, யார், எப்போது அதைச் சரிசெய்கிறார்கள் என்று எழுதலாம்.

நான்காவதாக ஒன்றை யாராவது கட்டாயம் சொல்வார்கள். “அந்தக் கூட்டம் நடந்தது எல்லாருக்கும் தெரியுமே, குறிப்பை இப்போது எழுதிப் பழைய தேதி போட்டால் என்ன?” கூடவே கூடாது. அது பொய் ஆவணம். கோப்பின் உருவாக்கத் தேதியே காட்டிக் கொடுத்துவிடும் என்பது இரண்டாவது காரணம்தான். கூட்டம் உண்மையில் நடந்திருந்தால், கலந்துகொண்டவர்கள் சேர்ந்து இன்றைய தேதியிட்டு ஒரு நினைவுக் குறிப்பு எழுதலாம். அது பின்னர் எழுதப்பட்டது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு எடை குறைவு, ஆனால் நேர்மையான எடை.

இடைவெளியை எழுதும்போது துறைத்தலைவருக்கு உறுத்தும். “நம்மை நாமே காட்டிக் கொடுக்கலாமா சார்?” என்ற கேள்வி வரும். நான் வழக்கமாகச் சொல்லும் பதில் இது: “அவர்கள் வந்து கண்டுபிடித்தால் அது அவர்களுடைய கண்டுபிடிப்பு. நாம் எழுதியிருந்தால் அது நாம் ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருக்கும் விஷயம்.” கூடவே அளவுகோலை எடுத்துக் காட்டுங்கள். குறையைக் கண்டு நடவடிக்கை எடுப்பதைத்தானே அது கேட்கிறது? குறையே இல்லாத துறைக்கு அந்த அத்தியாயத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

எதிர்ப்பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது. “வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறோம்”, “எங்கள் அலட்சியத்தால்” என்றெல்லாம் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். 7 பாடங்களுக்கு அறிக்கை இல்லை, அவை எவை, எப்போது வரும் என்று சொன்னால் போதும். தற்பெருமையும் தன்னிரக்கமும் ஒரே அளவுக்கு இடத்தை அடைக்கும், இரண்டிலும் தகவல் இருக்காது.

இப்போது எழுதுங்கள்

விரிதாள் நிரம்பிய பிறகு எழுதுவது பெரிய வேலை இல்லை. வரிசை இப்படி இருந்தால் வாசிக்க எளிது: முதலில் என்ன செய்கிறோம், பிறகு எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது, அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை. எழுவாயைக் கவனியுங்கள். “நடவடிக்கை எடுக்கப்படுகிறது” என்ற செயப்பாட்டு வாக்கியத்தில் எடுத்தவர் மறைந்துவிடுகிறார். பாடத்திட்டக் குழுவா, துறைக் கூட்டமா, யார் என்று எழுதுங்கள். “எடுக்கப்படுகிறது” என்று என்றென்றைக்குமாகச் சொல்வதை விட, “2022 செப்டம்பரில் எடுத்தது” என்று ஒரு நாளில் நிறுத்துங்கள். வாக்கியம் தானாகவே அடங்கிவிடும்.

திருத்திய பத்தி:

> துறையின் கற்றல் விளைவு மதிப்பீட்டுத் திட்டம் (சான்று 4-01, பக்கம் 3) ஒவ்வொரு பாடத்துக்கும் ஆண்டுக்கு ஓர் அறிக்கை கோருகிறது. 2022–23-இல் 24 பாடங்களில் 17 பாடங்களுக்கு அறிக்கை தயாரானது (சான்று 4-02). மீதமுள்ள 7 பாடங்களின் பட்டியலும் அவற்றுக்கான காலக்கெடுவும் சான்று 4-03-இல் உள்ளன. பாடத்திட்டக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் இதற்குப் பொறுப்பு. மாணவர் கருத்துக் கணிப்பு 2022, 2024 மார்ச் மாதங்களில் நடந்தது, 2023-இல் நடக்கவில்லை. 2022 கணிப்பின் அடிப்படையில் ஆய்வக நேரத்தை நீட்டிக்க, துறைக் கூட்டம் அதே ஆண்டு ஆகஸ்டில் தீர்மானித்தது (சான்று 4-04, தீர்மானம் 2).
>
> 2022 மே மாதத்தில் மதிப்பிட்ட 40 இறுதியாண்டுத் திட்ட அறிக்கைகளில் 21 மட்டுமே பகுப்பாய்வில் நிலை 3 அல்லது அதற்கு மேல் பெற்றன (சான்று 4-05). இதைப் பரிசீலித்த பாடத்திட்டக் குழு, மூன்றாமாண்டு ஆய்வகப் பாடத்தில் வரைவு திருத்தும் கட்டத்தைச் சேர்க்க 2022 செப்டம்பர் 14 அன்று முடிவெடுத்தது (சான்று 4-06, தீர்மானம் 4). 2023 ஜனவரிப் பருவத்தில் அது நடைமுறைக்கு வந்தது (சான்று 4-07, பக்கம் 2). அந்தப் பாடத்தைப் புதிய முறையில் படித்த முதல் அணியின் 42 அறிக்கைகளில் 29, 2024 மே மாதத்தில் அந்நிலையை எட்டின. மாற்றத்துக்கு முந்தைய 2023 அணியிலும் 39-இல் 25 எட்டியிருந்ததால், இந்த ஏற்றத்தை வரைவுக் கட்டத்தின் விளைவாகக் குழு கருதவில்லை. அடுத்த இரண்டு அணிகளின் முடிவுகளோடு மீண்டும் பரிசீலிக்கும் (சான்று 4-08, தீர்மானம் 1).

பழையதை விட நீளம் கூடிவிட்டது, உண்மைதான். பக்க வரம்பு இருந்தால் கருத்துக் கணிப்பு வரிகளை மாணவர் சேவை பற்றிய அத்தியாயத்துக்கு அனுப்பிவிடலாம், அங்கேதான் அவை பொருந்தும். இரண்டாவது பத்தியை மட்டும் குறைக்காதீர்கள். அளந்தது, முடிவெடுத்தது, செய்தது, மீண்டும் அளந்தது என்று ஒரு சுற்று முழுதாகத் தெரிகிற இடம் அது. முழுதாக விளக்கிய ஒரு சுற்று, பாதியில் நிற்கும் ஐந்து சுற்றுகளை விட அதிகம் பேசும்.

கடைசி வாக்கியத்தில் “குழு கருதவில்லை” என்று எழுதியிருக்கிறேன். அதற்கும் சான்று 4-08 வேண்டும். அறிக்கை எழுதுபவர் தன் அறிவைக் குழுவின் வாயில் திணிக்கக் கூடாது. அந்த முடிவைக் குழு இன்னும் எடுக்கவில்லை என்றால், அட்டவணையை அடுத்த கூட்டத்தில் வையுங்கள், பேசட்டும், குறிப்பு வரட்டும், பிறகு எழுதுங்கள். அறிக்கை எழுதும் ஆண்டிலேயே இது நடப்பதில் தவறு ஒன்றும் இல்லை, தேதியை உள்ளபடி போட்டால் சரி.

சான்றுக் கோப்புகளை ஒழுங்கு செய்யுங்கள்

கோப்பின் பெயரைப் பார்த்தாலே அது என்ன என்று தெரிய வேண்டும். அளவுகோல் எண், வரிசை எண், ஆவண வகை, ஆவணத்தின் தேதி என்ற வரிசை நன்றாக உதவும்:

```
4-06_minutes_2022-09-14.pdf
4-07_course-plan_2023-01.pdf
```

`final_new2.pdf` போன்ற பெயர்களை உள்ளே விடாதீர்கள். 60 பக்கக் கூட்டக் குறிப்பைக் கொடுத்துவிட்டு எங்கே பார்ப்பது என்று சொல்லாமல் விடுவதும் சான்று தராததற்குச் சமம்தான், பக்க எண்ணும் தீர்மான எண்ணும் வாக்கியத்திலேயே இருக்கட்டும். ஒரு கூற்றுக்கு ஓர் ஆவணம், மிஞ்சினால் இரண்டு. பத்து ஆவணங்களை அடுக்கினால் எது முக்கியம் என்று உங்களுக்கே தெரியவில்லை என்று படிப்பவர் நினைப்பார்.

மாணவர் எழுதிய அறிக்கைகளை மாதிரியாக வைத்தால் பெயரையும் பதிவு எண்ணையும் நீக்குங்கள். கறுப்புப் பட்டை போட்டு மறைத்த பிடிஎஃப் கோப்பில் எழுத்து அடியில் அப்படியே இருக்கும், தேர்வு செய்து நகலெடுத்தால் வெளியே வந்துவிடும். நகலெடுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நல்லவற்றை மட்டும் பொறுக்கி வைத்தால் அது மாதிரி ஆகாது. உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது மூன்றும் வேண்டும்.

கடைசியில் ஒரு வெளியாளிடம் கொடுங்கள்

வேறு துறையிலிருந்து ஒருவரைப் பிடியுங்கள். அவரிடம் அறிக்கையைக் கொடுத்து, “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார். ஒவ்வொரு கூற்றையும் படித்து, சொல்லப்பட்ட சான்றைத் திறந்து, அந்தப் பக்கத்தில் அந்தத் தகவல் இருக்கிறதா என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். இருக்கிறது, இல்லை, பாதி. மூன்றே பதில்கள். “பாதி” என்று வந்தவைதான் உங்களுக்கு வேலை வைப்பவை. பெரும்பாலும் கூற்று சான்றைத் தாண்டி ஒரு சொல் அதிகமாகப் போயிருக்கும், அந்தச் சொல்லை எடுத்தால் சரியாகிவிடும்.

இந்தச் சோதனையை உங்கள் நிறுவனக் கணக்கில் நுழையாத ஒரு கணினியில் செய்யச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவருக்குத் திறக்கும் இணைப்பு வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடவுச்சொல் கேட்டு நிற்பது அடிக்கடி நடக்கும். பார்வையிட வரும் குழுவுக்குத் தரப்போகும் கணக்கு எதுவோ, அதே கணக்கில் நுழைந்து பார்ப்பதுதான் சரியான சோதனை. அது முடிந்ததும் சான்றுக் கோப்புறையைப் பூட்டி, பார்க்க மட்டும் அனுமதி கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு யாராவது ஒரு கோப்பை மாற்ற வேண்டும் என்றால், அந்தச் சான்றைக் குறிப்பிடும் வாக்கியத்தையும் அவரே மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும்.